94 விழுக்காடு ஸ்கோரும் ஏசி ரிப்பேர் அழைப்புகளும்

பெங்களூரு அல்சூரில் என் மாமா இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை நடத்துகிறார். பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு புதியதை வீட்டிலேயே வந்து மாட்டித் தருவதுதான் அவருடைய முக்கியத் தொழில். கடைக்கான கூகுள் ஆட்ஸ் கணக்கை இரண்டு ஆண்டுகளாக நான் மாலை நேரங்களில் கவனித்து வருகிறேன். நாள் பட்ஜெட் 1,500 ரூபாய் என்பதால் மாதத்துக்கு ஏறத்தாழ 44,000 ரூபாய் செலவாகும். சென்ற பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையான முப்பது நாட்களில் கணக்கு காட்டிய கன்வர்ஷன்கள், அதாவது விளம்பரத்தைத் தொட்டு வந்தவர்கள் நாங்கள் எண்ணச் சொன்ன செயல்களைச் செய்த தடவைகள், 110. அதே நாட்களில் 'நெட்டில் பார்த்தேன்' என்று சொல்லி பேட்டரி வாங்கியவர்கள் என்று மாமாவின் நோட்டில் இருந்தவர்கள் 31 பேர்.

கணக்கு எவ்வளவு நன்றாக அமைக்கப்பட்டிருக்கிறது என்று கூகுள் மதிப்பிட்டுக் காட்டும் ஆப்டிமைசேஷன் ஸ்கோர் அப்போது 62 விழுக்காடு. திரையின் மேற்பகுதியில் ஒவ்வொரு நாளும் அந்த எண்ணைப் பார்க்கும்போது, தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் தகப்பனைப் போல எனக்கு இருக்கும். மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து `Recommendations` பக்கத்தில் இருந்த பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டேன். தேடல் விளம்பரத்தைப் பிறருடைய இணையதளங்களும் செயலிகளுமான டிஸ்ப்ளே தளங்களுக்கும் விரிப்பது, கூகுளோடு சேர்ந்து தேடல் விளம்பரம் காட்டும் தேடல் கூட்டாளித் தளங்களைச் சேர்ப்பது, தொடர்புள்ள வேறு தேடல்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும் பிராட் மேட்ச் சொற்களைச் சேர்ப்பது, நாள் பட்ஜெட்டை 2,200 ரூபாயாக உயர்த்துவது ஆகியவை அவற்றில் பெரியவை. இத்துடன் நிற்காமல், இனி வரும் பரிந்துரைகளைத் தானாகவே ஏற்கவைக்கும் `Auto-apply` பகுதிக்குப் போய், என்ன ஏது என்று படிக்காமலேயே எல்லாப் பெட்டிகளிலும் டிக் போட்டேன். ஸ்கோர் 94 ஆனது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

பத்து நாள் கழித்து மாமா அழைத்தார். "ஏம்ப்பா, இன்னைக்கு மட்டும் நாலு பேரு ஏசி ரிப்பேருக்குப் போன் பண்ணிட்டாங்க. நாம எப்போ ஏசி கடை வச்சோம்?" என்றார். கணக்கைத் திறந்து பார்த்தால் எல்லாம் முன்பைவிடச் சிறப்பாகவே தெரிந்தது. எனவே இன்னும் சில நாள் பொறுங்கள் என்று சொல்லி முப்பது நாட்களையும் ஓடவிட்டேன். முடிவில் செலவு 66,000 ரூபாய், கன்வர்ஷன்கள் 190. ஒரு கன்வர்ஷனுக்கான செலவு 400 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 347 ரூபாயாகக் குறைந்திருந்தது. திரையை மட்டும் பார்ப்பவர் இதை வெற்றி என்றுதான் சொல்வார். ஆனால் மாமாவின் நோட்டில் இணையம் வழி வந்த விற்பனை 33 மட்டுமே. கூடுதலாகச் செலவான 22,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்றவை இரண்டு பேட்டரிகள், அதாவது ஒன்றுக்கு 11,000 ரூபாய். ஒரு பேட்டரியில் மாமாவுக்கு நிற்கும் லாபம் ஏறத்தாழ 2,500 ரூபாய். அதிலும் கோடை மழை தொடங்கி, மரக்கிளை விழுந்து கரண்ட் போகும் ஏப்ரல் மாதம் அவருக்கு எப்போதுமே நல்ல விற்பனைக் காலம். அந்த இரண்டுகூட மழையின் புண்ணியமாக இருக்கலாம்.

சராசரியைப் பார்த்தால் ஒரு விற்பனைக்கு 1,419 ரூபாயாக இருந்தது 2,000 ரூபாயாக ஆகியிருந்தது, இன்னும் லாபத்துக்குள்தான் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடியும். பரிந்துரையை மதிப்பிட அந்தச் சராசரி உதவாது. அதை ஏற்றதால் கூடிய செலவையும் அதனால் கூடிய விற்பனையையும் மட்டும் தனியே எடுத்து வகுத்துப் பார்க்க வேண்டும். நான் அதை முதலிலேயே செய்திருந்தால் பத்தாம் நாளிலேயே நிறுத்தியிருப்பேன்.

பணம் எங்கே போனது என்று அறிய, அறிக்கையை நெட்வொர்க் வாரியாகப் பிரித்தேன். கூடுதல் 22,000 ரூபாயில் டிஸ்ப்ளே தளங்கள் 7,800 ரூபாயும் தேடல் கூட்டாளித் தளங்கள் 3,200 ரூபாயும் எடுத்திருந்தன. மீதி 11,000 ரூபாய் பிராட் மேட்ச் வழியாகப் போயிருந்தது. கூடுதலான 80 கன்வர்ஷன்களில் 41 டிஸ்ப்ளேயிலிருந்து வந்தவை. அந்த 41 தான் என் கண்ணைத் திறந்தது. எங்கள் கணக்கில் இரண்டு செயல்கள் கன்வர்ஷனாக எண்ணப்பட்டன: படிவத்தை நிரப்பி அனுப்புவது ஒன்று, இணையப் பக்கத்தில் உள்ள தொலைபேசிப் பொத்தானைத் தொடுவது மற்றொன்று. டிஸ்ப்ளேயிலிருந்து வந்தவற்றில் ஒன்றுகூடப் படிவம் இல்லை. விளையாட்டுச் செயலியில் கைதவறி விளம்பரத்தைத் தொட்டு, எங்கள் பக்கத்துக்கு வந்து, மூட முயலும்போது கீழே ஒட்டியிருக்கும் பச்சைப் பொத்தானிலும் விரல் பட்டவர்கள்தான் அவர்கள் என்பது என் கணிப்பு. என் கைப்பேசியில் செய்து பார்த்தேன். கட்டை விரல் இயல்பாக விழும் இடத்தில்தான் அந்தப் பொத்தான் இருந்தது. ஒவ்வொரு விளம்பர இடத்துக்கும் எவ்வளவு கேட்பது என்று தீர்மானிக்கும் எங்கள் ஏல முறை, கன்வர்ஷன்களை அதிகமாக்கும் தானியங்கி முறை. மலிவாகக் கிடைக்கும் கன்வர்ஷன் எங்கே இருக்கிறதோ அங்கே அது பணத்தைத் திருப்பும். நாங்கள் கேட்டதையே அது கொடுத்தது. பேட்டரி விற்பனையைக் கேட்பதாக நினைத்துப் பொத்தான் தொடுதலைக் கேட்டது நாங்கள்.

பிராட் மேட்ச் கதை வேறு. `Search terms` அறிக்கையைத் திறந்ததும் மாமாவின் கேள்விக்கு விடை கிடைத்தது. `inverter ac service near me` என்ற தேடலுக்கு எங்கள் விளம்பரம் காட்டப்பட்டிருந்தது. கார் பேட்டரி, லேப்டாப் பேட்டரி, சோலார் மானியம் என்று மேலும் பல இருந்தன. இன்வெர்ட்டர் என்ற சொல் ஏசி, மின்வெட்டுக்கான இன்வெர்ட்டர் ஆகிய இரண்டுக்கும் பொது என்பதால், தொடர்புள்ள பொருள் என்று நினைத்து விரிக்கும் முறை இங்கே சறுக்குவது இயல்பே. அதே அறிக்கையில் `inverter beeping continuously` என்ற தேடலும் இருந்தது. இன்வெர்ட்டர் ஓயாமல் பீப் அடித்தால் பேட்டரி போய்விட்டது என்று பொருளாக இருக்கலாம். தேடுபவருக்கு அது இன்னும் தெரியாது. அந்தச் சொல்லை நான் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டேன். ஆகவே பிராட் மேட்ச்சை முற்றிலும் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை முழுக் கணக்கிலும் அவிழ்த்துவிடுவதற்கு முன் எந்தத் தேடல்களுக்கு விளம்பரம் வரக் கூடாது என்று சொல்லும் விலக்குச் சொற்களின் பட்டியலும், நம்பத்தகுந்த கன்வர்ஷன் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். எங்களிடம் இரண்டுமே சரியாக இல்லை.

இதைவிடச் சத்தமில்லாத சேதம் ஒன்று `Auto-apply` வழியாக நடந்திருந்தது. 'தேவையற்ற ஒத்த சொற்களை நீக்கு' என்ற பரிந்துரை வீட்டைப் பெருக்குவது போல நல்ல வேலையாகத் தோன்றும். 2023 ஜனவரியிலிருந்து அது வெவ்வேறு மேட்ச் வகைகளுக்கு இடையேயும் ஒப்பிடுகிறது: ஒரே விளம்பரக் குழுவில் உள்ள பிராட் மேட்ச் சொல் ஒன்று அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும் விளம்பரத்தைக் காட்டும் ஃபிரேஸ் மேட்ச் சொல்லையும் உள்ளடக்கினால், ஃபிரேஸ் மேட்ச் தேவையற்றதாகிவிடும். நான் புதிதாகச் சேர்த்த பிராட் மேட்ச் சொற்களின் காரணமாக, இரண்டு ஆண்டுகளாக விற்பனை கொடுத்துவந்த ஏழு ஃபிரேஸ் மேட்ச் சொற்கள் நீங்கியிருந்தன. `Change history` பக்கத்தைப் பார்க்காமல் இது தெரிந்திருக்காது.

திருத்தும்போது நான் முதலில் தொட்டது கன்வர்ஷன் எண்ணிக்கையைத்தான். பொத்தான் தொடுதலைப் பிரதானச் செயல் என்ற நிலையிலிருந்து துணைச் செயலாக மாற்றினேன். அதன்பின் அது அறிக்கையில் தெரியும், ஆனால் ஏலத்தை இழுக்காது. படிவத்தில் பேட்டரியின் திறன், பின்கோடு ஆகியவற்றைக் கேட்கும் கட்டங்களைச் சேர்த்து, கிளிக்கின் அடையாளக் குறியான `gclid`-ஐ கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் சேமிக்க வைத்தேன். வாரம் ஒருமுறை மாமாவின் நோட்டோடு ஒப்பிட்டு, உண்மையில் பேட்டரி வாங்கியவர்களை மட்டும் ஆஃப்லைன் கன்வர்ஷனாகக் கணக்கில் பதிவேற்றுகிறேன். கிளிக் நடந்து 90 நாட்களைக் கடந்தவற்றைப் பதிவேற்ற முடியாது என்பதால் தள்ளிப்போடக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், கன்வர்ஷன் கண்காணிப்பைச் சரிசெய்யச் சொல்லும் பரிந்துரை முதல் நாளிலிருந்தே பட்டியலில் இருந்தது. ஸ்கோரில் அதற்கான பங்கு சிறியது, வேலை பெரியது என்று அதை மட்டும் ஒத்திப்போட்டிருந்தேன்.

அதோடு, விலக்குச் சொற்களோடு மோதி முடங்கிக் கிடந்த சொற்களைச் சுட்டிக்காட்டிய பரிந்துரையை ஏற்றேன். விளம்பரத்தின் கீழே கூடுதல் இணைப்புகள் சேர்க்கச் சொன்னதையும் ஏற்றேன், ஆனால் வாசகங்களை நானே எழுதினேன். டிஸ்ப்ளே விரிவாக்கத்தையும் கூட்டாளித் தளங்களையும் நிறுத்தினேன். பட்ஜெட்டை 1,500க்கே கொண்டுவந்தேன். நீக்கப்பட்ட ஏழு சொற்களை மீட்டு, பீப் சொல்லை ஃபிரேஸ் மேட்ச்சாகச் சேர்த்தேன். `Auto-apply` பெட்டிகள் அனைத்திலும் டிக் எடுத்துவிட்டேன்.

ஸ்கோரைப் பற்றிய என் பயம் போனது, அதன் இயல்பைப் படித்த பிறகுதான். விளம்பரம் எந்த இடத்தில் வரும் என்பதையோ விளம்பரத்தின் தரத்துக்குக் கூகுள் தரும் தரப் புள்ளியையோ அது பாதிப்பதில்லை. பரிந்துரையை நிராகரித்தாலும் ஏற்றதைப் போலவே ஸ்கோர் உயரும். விளம்பர நிறுவனங்கள் கூகுள் பார்ட்னர் தகுதி பெற 70 விழுக்காடு ஸ்கோர் ஒரு நிபந்தனை என்பதால், உங்கள் கணக்கை வெளியார் கவனித்தால் அவர்களுக்கு அந்த எண் மேல் தனி அக்கறை இருக்கலாம். பரிந்துரைகளை நிராகரித்தும் அந்த எண்ணை அடையலாம் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

பட்ஜெட்டை உயர்த்தச் சொல்லும் பரிந்துரை வாரந்தோறும் திரும்ப வருகிறது. அதில் கூடுதல் செலவும் கூடுதல் கன்வர்ஷன்களும் மதிப்பீடாக இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, எங்கள் பேட்டரி லாபத்தோடு ஒப்பிடுகிறேன். இப்போது கன்வர்ஷனில் விற்பனையும் இருப்பதால் அந்தக் கணக்குக்கு ஓரளவு பொருள் உண்டு. ஜூனில் மின்வெட்டு அதிகமாக இருந்த இரண்டு வாரங்களில் அது கைகொடுக்கும் என்று தோன்றியதால் 1,800 வரை ஏற்றினேன். மழை தணிந்ததும் இறக்கினேன்.

திருத்திய பிறகான முதல் முப்பது நாட்களில் செலவு 46,000 ரூபாய், நோட்டில் விற்பனை 36. பருவமும் மாறியிருந்ததால் வித்தியாசம் முழுவதையும் திருத்தத்தின் கணக்கில் எழுத முடியாது. கன்வர்ஷன் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியதைக் கண்டு மாமா முதலில் பதறினார். நோட்டை எடுத்துக் காட்டிய பிறகு அமைதியானார். இப்போது ஸ்கோர் 71 விழுக்காட்டில் நிற்கிறது. ஏசி ரிப்பேருக்கு அழைப்பவர்கள் இன்னும் மாதத்தில் ஒருவர் இருவர் உண்டு. அவர்களுக்கு மாமா அடுத்த தெருவில் இருக்கும் ஏசி மெக்கானிக்கின் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்.