மூன்றில் ஒரு தவணை போனது, இன்னொன்று போகப் பார்த்தது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, சேதராப்பட்டில் வேலை. 2022 ஜூலையில் கம்பெனியில் ரிடென்ஷன் போனஸ் என்று 3 லட்சம் அறிவித்தார்கள். 2023, 2024, 2025 என ஒவ்வொரு ஜூன் 30-க்கும் ஒரு லட்சம். இடையில் வேலையை விட்டால் மீதி கிடையாது. முதல் தவணை சிக்கலில்லாமல் ஜூலைச் சம்பளத்தோடு வந்தது. வரி பிடித்தது போகக் கையில் 79,200.

2024 மே மாதம் வேறு இடத்தில் வேலை கிடைத்தது. இரண்டாவது தவணையை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்பது என் கணக்கு. அந்த ஜூன் 30 ஞாயிற்றுக்கிழமை. "ஞாயிறு எப்படியும் லீவுதானே அண்ணே, வெள்ளிக்கிழமையே ராஜினாமாவைக் கொடுத்துடுங்க" என்றான் கூட வேலை செய்யும் தம்பி. நல்லவேளை, கேட்கவில்லை. ஜூலை 3 அன்றுதான் மெயில் போட்டேன். நோட்டீஸ் 60 நாள்.

ஜூலைச் சம்பளம் வந்தது, போனஸ் வரவில்லை. எச்.ஆரில் கேட்டால், "நோட்டீஸ்ல இருக்கிறவங்களுக்குக் கிடையாது சார். பணம் போடுற தேதியில ஆக்டிவா இருக்கணும், பாலிசியில இருக்கு" என்றார் அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. 2022-இல் கொடுத்த கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்றேன். "உங்ககிட்ட காப்பி இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

இல்லை. அது ஆபீஸ் மெயிலுக்கு வந்த பி.டி.எஃப். அந்த மெயில் பெட்டியில் ஓராண்டுக்கு மேற்பட்டவை தானாக அழிந்துவிடும். சொந்த மெயிலுக்கு அனுப்பிவைக்கத் தோன்றவே இல்லை. போனஸ் கடிதம் கைக்கு வந்த அன்றே ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டில் வையுங்கள்.

அப்புறம் அலைச்சல். வீட்டுக்குப் பக்கம் என்று கடலூர் தொழிலாளர் அலுவலகத்துக்கு லீவு போட்டுப் போனேன். "கம்பெனி எங்கே? சேதராப்பட்டா? அது யூனியன் பிரதேசம், பாண்டிச்சேரியில கொடுங்க" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். தினமும் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகிறவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அடுத்த வாரம் புதுச்சேரியில் இன்னொரு அரை நாள். அங்கே என் பதவியையும் சம்பளத்தையும் கேட்டார்கள். ஆட்களை மேற்பார்க்கிற வேலை, சம்பளமும் 10,000-க்கு மேல் என்றால் தொழில் தகராறு சட்டப்படி 'தொழிலாளி' கணக்கில் வர மாட்டீர்கள், ஒப்பந்தப் பணம் என்றால் சிவில் கோர்ட்தான் என்றார் அதிகாரி. அது 2024-இல் இருந்த சட்டம். ஒரு லட்சத்துக்குக் கோர்ட்டா என்று பஸ் ஏறினேன்.

கடிதம் கிடைத்தது வீட்டில்தான். 2022 கடைசியில் வீட்டுக் கடன் போட்டபோது சம்பளச் சீட்டுகளோடு இதையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தோம். அந்தக் கோப்பை ஞாபகம் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தவள் என் மனைவி.

அதை எடுத்துக்கொண்டு தெருவில் இருக்கும் வக்கீல் ஐயாவிடம் போனேன். அவர் இரண்டு விஷயம் மட்டும் தேடினார். ஒன்று, எந்தத் தேதியில் வேலையில் இருக்க வேண்டும் என்கிறது. "ஜூன் 30 அன்று பணியில் இருந்து, அன்றுவரை ராஜினாமா கொடுக்காதிருந்தால் அந்தத் தவணைக்கு உரிமை உண்டு, பணம் ஜூலைச் சம்பளத்துடன் வழங்கப்படும்" என்று இருந்தது. ஆக, உரிமை வருகிற நாள் வேறு, பணம் போடுகிற நாள் வேறு. இரண்டாவது, "அவ்வப்போது திருத்தப்படும் கம்பெனி பாலிசிக்கு உட்பட்டது" என்ற வரி இருக்கிறதா என்று. இல்லை. எச்.ஆர் காட்டிய பாலிசியோ 2023-இல் போட்டது. "நீ கையெழுத்துப் போட்டதுக்கப்புறம் அவங்க தனியா மாத்தினது உன்னைக் கட்டுப்படுத்தாதுப்பா. அந்த வரி மட்டும் இருந்திருந்தா கஷ்டம்" என்றார்.

வெள்ளிக்கிழமையே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அந்த "அன்றுவரை"யைப் படித்தபோதுதான் உறைத்தது.

சண்டை போடாமல் ஒரு மெயில் எழுதினேன்: கடிதத்தின் ஸ்கேன், அந்த வரி, ராஜினாமா தேதி, அவ்வளவுதான். பதில் இல்லை. பத்து நாள் கழித்து ஃபைனான்ஸ் தலைவரையும் சேர்த்து அதையே அனுப்பினேன். கணக்கு முடிக்கும் பத்திரம் வந்தபோது 'எனக்கு வேறு பாக்கி ஏதுமில்லை' என்ற இடத்தில் கையெழுத்துப் போடாமல், இரண்டாம் தவணை நிலுவை என்று பேனாவால் எழுதித் திருப்பினேன். அக்டோபர் மாதம் வரி போகப் பணம் வந்தது. விளக்கமோ வருத்தமோ எதுவும் வரவில்லை.

மூன்றாவது தவணை போனது போனதுதான். அதில் எனக்குச் சண்டையில்லை, தெரிந்தேதான் விட்டேன். இதைப் பார்த்து 18,000 சம்பளத்துப் பையன் ஒருவன் தன் தீபாவளி போனஸும் போய்விடும் என்று பயந்தான். அது வேறு. அப்போது 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்குச் சட்டம் தந்த 8.33 சதவீதத்தை, வேலையை விட்டதற்காகப் பிடிக்க முடியாது. மோசடி, திருட்டு, அடிதடி மாதிரி காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கினால்தான் அது போகும்.

புது இடத்தில், விட்டுப்போன லட்சத்துக்கு ஈடாக 50,000 கேட்டு வாங்கினேன். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமாம். எந்தத் தேதியிலிருந்து ஓராண்டு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து அதே கடன் கோப்பில் வைத்துவிட்டேன்.