பங்கு கேட்பதற்கு முன் லாபம் எவ்வளவு?

சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கூட்டாகக் கடை நடத்தும் நண்பர்கள் பணத்துக்காக முறைத்துக்கொண்டு என்னிடம் வரும்போது, பங்கு சரிபாதியா, முக்கால் கால் என்பதா என்ற கேள்வியைத்தான் முதலில் வைப்பார்கள். பிரிக்க வேண்டிய தொகை எவ்வளவு என்று கேட்டால் இருவரும் வேறு வேறு எண்ணைச் சொல்வார்கள். மொத்த விலைக்குக் கைப்பை வாங்கி, இணையச் சந்தைத் தளம் ஒன்றில் மறுவிற்பனை செய்த இரண்டு நண்பர்களின் கணக்கு இதற்கு நல்ல உதாரணம். ஒரே ஊர்க்காரர்கள், ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் மொத்த வியாபாரிகளிடம் சென்று சரக்கைத் தேர்ந்தெடுத்தார். மற்றவர் வீட்டின் ஓர் அறையில் பைகளைப் படமெடுத்துத் தளத்தில் ஏற்றி, ஆர்டர் வந்ததும் பொட்டலம் கட்டி, கொரியர்காரரிடம் ஒப்படைத்து, வாங்கியவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். முதலீட்டில் முக்கால் பங்கைக் கொள்முதல் பார்த்தவரும் கால் பங்கை அனுப்புதல் பார்த்தவரும் போட்டிருந்தார்கள். லாபம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு மேல் அவர்களிடையே எந்தப் பேச்சும் நடந்திருக்கவில்லை.

உண்மையான தொகைகளை விட்டுவிட்டு, ஒரு பையின் கொள்முதல் விலையை 100 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். தளத்தில் அதன் விலை 220. மொத்த முதல் 16,000. அதில் 150 பைகள் வாங்க 15,000 செலவானது. பொட்டல உறைகளுக்கும் ஒட்டுத்தாளுக்கும் 500. மீதி 500 வங்கியில் இருந்தது. முதல் மாதத்தில் 100 பைகள் அனுப்பப்பட்டன.

மாத முடிவில் அனுப்புதல் பார்த்தவர் போட்ட கணக்கு மிக எளிமையானது. பை ஒன்றுக்கு 120 மிச்சம், அனுப்பியது 100 பை, ஆகவே லாபம் 12,000. "இரவெல்லாம் உட்கார்ந்து கட்டியவன் நான், என் பாதியைக் கொடு" என்று அவர் கேட்டிருக்கிறார். கொள்முதல் பார்த்தவர் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தார். போட்டது 16,000, இருந்தது 9,060. "ஏழாயிரம் போன இடமே தெரியவில்லை, நீ பங்கு கேட்கிறாயா?" என்பது அவருடைய பதில். அதற்குப் பிறகு சில நாட்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்றும், ஆர்டர்கள் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தன என்றும் பிறகு அறிந்தேன். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் அனுப்பியதையெல்லாம் விற்றதாக எண்ணினார். மற்றவர் வங்கியில் இல்லாததையெல்லாம் இழந்ததாக எண்ணினார்.

இத்தகைய வழக்கில் நான் முதலில் கேட்பது தளம் தரும் செட்டில்மென்ட் அறிக்கையைத்தான். கமிஷன், அனுப்பும் கட்டணம், ரிட்டர்ன் கட்டணம், விளம்பரச் செலவு எல்லாம் கழிக்கப்பட்ட பிறகுதான் பணம் வங்கிக்கு வருகிறது. ஆகவே வங்கிப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு விற்பனை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவே முடியாது. ஒவ்வொரு ஆர்டர் எண்ணையும் அறிக்கையின் வரியோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் சண்டையின் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்படிப் பார்த்ததில், அனுப்பிய 100 பைகளில் 20 திரும்பி வந்திருந்தன. நிலைத்த விற்பனை 80 பைகள், அதாவது 17,600. அவற்றின் கொள்முதல் விலை 8,000 போக 9,600 மிஞ்சியது. இனிக் கழிவுகள். 15 சதவீதக் கமிஷன் 2,640. அனுப்பும் கட்டணம் பைக்கு 25 வீதம், திரும்பி வந்தவற்றையும் சேர்த்து, 2,500. ரிட்டர்ன் கட்டணம் பைக்கு 30 வீதம் 600. விளம்பரம் 800. உறையும் ஒட்டுத்தாளும் 500. திரும்பி வந்த 20 பைகளில் 6 மறுபடி விற்க முடியாத நிலையில் இருந்தன. அந்த நட்டம் 600. ஆகக் கழிவு 7,640, லாபம் 1,960. அனுப்புதல் பார்த்தவர் அந்த எண்ணை நெடுநேரம் நம்பவில்லை. திரும்பி வந்த பைக்குக் கமிஷனைத் தளம் திருப்பிக் கொடுத்துவிட்டாலும், போன கட்டணமும் வந்த கட்டணமும் உறைச் செலவும் சேர்ந்து 60 போய்விடுகிறது என்பதை அவர் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

கொள்முதல் பார்த்தவருக்கு இந்தக் கணக்கு போதவில்லை. 1,960 லாபம் என்றால் அது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார், நியாயமான கேள்வி. ஆகவே மறுபக்கத்திலிருந்தும் கணக்கிட்டோம். ரிட்டர்ன் செய்யும் காலம் முடியும் வரை தளம் பணத்தை விடுவிப்பதில்லை. அப்படி நிலுவையில் இருந்தது 2,500. அறையில் எண்ணிப் பார்த்ததில் நல்ல நிலையில் 64 பைகள் இருந்தன, மதிப்பு 6,400. வங்கியில் 9,060. மூன்றையும் கூட்டினால் 17,960. போட்ட முதல் 16,000ஐக் கழித்தால் மிஞ்சுவது அதே 1,960. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்த பிறகுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சரக்கை எண்ணாமல் இந்த இரண்டாவது கணக்கைப் போட முடியாது. ஏட்டில் இருப்பதை எழுதிக்கொள்ளாமல் பையைக் கையிலெடுத்து எண்ண வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

லாபம் எவ்வளவு என்பது முடிந்ததும் பங்கீடு எளிதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்; அதுவரை மறைந்திருந்த மனக்குறைகள் வெளியே வருவது அப்போதுதான். முக்கால் முதல் போட்டவர் முக்கால் பங்கு கேட்டார். உழைத்தவர் பாதிக்குக் குறையக் கூடாது என்றார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத கூட்டுக்குச் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது: இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமும் இந்தியாவின் 1932ஆம் ஆண்டுச் சட்டமும், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் லாபம் சமமாகப் பிரியும் என்றும், தொழிலில் உழைத்ததற்காகக் கூட்டாளிக்குத் தனி ஊதியம் கிடையாது என்றும் சொல்கின்றன. இந்த விடை இருவருக்கும் பிடிக்காது என்பதால், அவர்களை எழுதி ஒப்பந்தம் செய்ய வைப்பதற்கு அதைச் சொல்லிக்காட்டுவது எனக்குப் பயன்பட்டது.

நான் முன்வைத்தது, உழைப்புக்கும் முதலுக்கும் தனித்தனியாகக் கூலி கொடுத்துவிட்டு மீதியைப் பிரிப்பது. அனுப்பிய பொட்டலத்துக்கு 8 வீதம் 800. முதலுக்கு மாதம் 1 சதவீதம் 160. மீதி 1,000 சரிபாதி. இதன்படி அனுப்புதல் பார்த்தவருக்கு 800, வட்டி 40, பங்கு 500, ஆக 1,340. மற்றவருக்கு வட்டி 120, பங்கு 500, ஆக 620. தம் பணம் பெரும்பகுதி இருக்கும்போது தமக்குப் பாதிகூட வரவில்லையே என்று கொள்முதல் பார்த்தவர் குமுறினார். சரக்கு எடுக்கப் போய்வந்த அலைச்சலையும் கூலிக் கணக்கில் சேர்க்கலாம் என்று சொன்னதும் சற்றுத் தணிந்து, வேறொரு இடத்தில் பிடித்தார்: அனுப்பும் பொட்டலத்துக்கெல்லாம் கூலி என்றால், திரும்பி வருவதைப் பற்றி அவனுக்கு என்ன கவலை?

இந்தக் கேள்வி முழு விவகாரத்திலும் கூர்மையானது என்பது என் கருத்து. நிலைத்த விற்பனைக்கு மட்டும் கூலி என்று வைத்தால், வாங்குபவர் மனம் மாறியதற்கும் கட்டியவர் தண்டனை பெறுவார். எனவே 20 ரிட்டர்ன்களுக்கும் வாங்கியவர்கள் குறித்திருந்த காரணங்களை ஒன்றொன்றாகப் படித்தோம். 9 பேர் நிறம் வேறு என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒன்பதும் ஒரே பழுப்பு நிறப் பை. படத்தை அறையின் மஞ்சள் விளக்கில் எடுத்திருந்ததால், கரும்பழுப்பாக இருந்த பை திரையில் தேன் நிறமாகத் தெரிந்தது. சன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியபோது, படமெடுத்தவர் எதுவும் சொல்லாமல் பழைய படத்தைத் தளத்திலிருந்து நீக்கினார். 5 பேர் ஜிப் சரியில்லை என்றிருந்தார்கள். அந்தப் பைகளை எடுத்துப் பார்த்தோம். பாதி தூரம் வந்ததும் பற்கள் பின்னால் பிரிந்துகொண்டன. அது கொள்முதலில் வந்த குறை, மொத்தக் கட்டில் மேலே இருந்ததை மட்டும் இழுத்துப் பார்த்து வாங்கியதன் விளைவு. விற்க முடியாத ஆறில் ஐந்து இவைதான். ஆறாவது அவர்கள் அனுப்பிய பையே இல்லை. யாரோ தம் பழைய பையைப் போட்டுத் திருப்பியிருந்தார்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரியும்படி வீடியோ எடுத்திருந்தால், தளம் கொடுக்கும் கெடுவுக்குள் இழப்பீடு கேட்டிருக்கலாம். மீதி 5 பேர் வேண்டாம் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை.

காரணம் இப்படிப் பிரிந்ததும் விதியும் பிரிந்தது. படத்தாலோ விவரக் குறிப்பாலோ திரும்பி வந்தால் அந்தப் பொட்டலத்துக்குக் கூலி இல்லை. சரக்கின் குறையால் வந்தால் கூலி உண்டு, பையின் விலை கொள்முதல் பார்ப்பவரின் பங்கில் கழியும். காரணமில்லாமல் வந்தால் கடை ஏற்கும். அடுத்த மாதத்திலிருந்து என்று தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டார்கள். முதல் மாதக் கணக்குக்கு இதைப் பின்னோக்கிப் பொருத்த வேண்டும் என்று இருவருமே ஒரு கட்டத்தில் கேட்டார்கள். ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றினால் அடுத்த கணக்கை எவரும் நம்பமாட்டார்கள் என்று நான் மறுத்துவிட்டேன்.

1,960 முழுவதையும் வங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளவும் விடவில்லை. அடுத்த கொள்முதலுக்கு 8,000 வேண்டும் என்று கொள்முதல் பார்த்தவர் சொன்னார். அது போனால் வங்கியில் மிஞ்சுவது 1,060. பொட்டலக் கூலி 800ஐ மட்டும் உடனே கொடுத்துவிட்டு, மற்றதை இருவர் பெயரிலும் வரவு வைத்தோம். மீதமிருந்த 64 பைகளில் 20 அதே பழுப்பு நிறம். சரியான படம் போட்ட பிறகு அவற்றுக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. விற்காத சரக்கைக் கொள்முதல் விலை, விற்றால் கையில் நிற்கும் தொகை இரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும். செலவு போகப் பைக்கு 60தான் தேறும் என்று ஒருவரும், பண்டிகைக் காலம் வந்தால் முழு விலைக்குப் போகும் என்று மற்றவரும் சொல்ல, அந்த 20 பைகளின் மதிப்பில் குறையும் 800 யார் தலையில் விழும் என்ற வாதத்தோடு இரண்டாம் மாதக் கணக்கை எழுதத் தொடங்கினோம்.