ஸ்போக்ஸும் தெரியணும், ஓட்டமும் தெரியணும்: கானாடுகாத்தானில் ஒரு சைக்கிள் விளம்பரப் படம்

காரைக்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மார்கழி தொடக்கத்தில் கூப்பிட்டார். பொங்கலுக்கு விளம்பரம் போட வேண்டும், பெரிய 28 இன்ச் வண்டி, பழைய மாடல். "தம்பி, காலை நேரம், ரோட்டில் ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. வண்டி ஓடுறது தெரியணும். ஆனா ஸ்போக்ஸ் கம்பியும் செயினும் தெளிவா இருக்கணும். வாங்க வர்றவன் அதைத்தான் பாப்பான்."

பிளெக்ஸ் அடிக்கும் கடையில் டிசைன் செய்யும் தம்பி, வண்டியை நிறுத்தி வைத்து எடுத்து வந்தால் போதும், சக்கரத்தைக் கம்ப்யூட்டரில் சுற்ற விட்டுவிடுகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். சைக்கிள் மிதித்து வளர்ந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்த உடனே ஏதோ சரியில்லை என்று உணர்ந்துவிடுவார்கள். ஓடுகிற சக்கரத்தின் ரிம் மேல் சூரியன் பளிச்சிடும் இடம் சக்கரத்தோடு சுற்றாது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அதைப் பொறுத்து அது ஒரே இடத்தில் நிற்கும். கம்ப்யூட்டரில் சுற்றினால் அந்தப் பளிச்சும் சேர்ந்து வளையமாக இழுபடும். மட்கார்டைத் தாங்கும் கம்பியும் ஃபோர்க்கும் சக்கரத்துக்கு முன்னால் அசையாமல் நிற்பவை. வெட்டிப் பிரிக்காமல் சுற்றினால் அவையும் கலங்கிப் போகும். உண்மையான ஓட்டத்தில் எது அசைகிறது, எது அசையவில்லை என்பதுதான் படத்துக்கு உயிர்.

ஓடுகிற வண்டியையே எடுப்பது என்று முடிவானதும், ஷட்டர் வேகம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பக்கவாட்டில் ஓடும் வண்டியோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுக்கிறவர்கள் 1/30 விநாடி வைத்துக்கொள் என்பார்கள். பைக்குக்கும் காருக்கும் அது பொருந்தும். சைக்கிளில் ஸ்போக்ஸ் இருக்கிறதே. அதனால் கடை வாசலிலேயே அளந்து பார்த்துவிட்டேன். டியூப் வால்வு தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி அடுத்த கோடு. இடைவெளி 2 மீட்டர் 22 சென்டிமீட்டர். இந்த வண்டியில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின்னதற்கு 40. வகுத்தால் முன்னால் ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் 7 சென்டிமீட்டர் ஓட்டம், பின்னால் ஐந்தரை.

கணக்கு இவ்வளவுதான். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் வண்டி நகரும் தூரம் இந்த இடைவெளியை எட்டினால், ஒவ்வொரு கம்பியும் அடுத்த கம்பி இருந்த இடம் வரை வழித்துக்கொண்டு போகும். படத்தில் கம்பி என்று எதுவும் இருக்காது, மெல்லிய சாம்பல் நிறப் படலம்தான் மிஞ்சும். பாதி இடைவெளி நகர்ந்தால் கம்பி விசிறியாக விரிந்து தெரியும், நடுவில் வெற்றிடமும் இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு அதுதான் 'சுற்றுகிறது, ஆனால் கம்பி இருக்கிறது'.

கடையின் மெக்கானிக்கையே ஓட்ட வைத்தோம். வேகம் ஏறி இறங்காமல் மிதிக்க அவரை விட்டால் ஆள் இல்லை. ரோட்டில் 10 மீட்டருக்குக் கோடு போட்டு, அதை 3 விநாடியில் கடக்கச் சொன்னேன். அது மணிக்கு 12 கிலோமீட்டர், பால்காரர் போகும் வேகம். அந்த வேகத்தில் 1/60-ல் வண்டி ஐந்தரை சென்டிமீட்டர் போகும். அப்படி எடுத்த படத்தில் பின் சக்கரக் கம்பிகள் சுத்தமாக மறைந்து, முன் சக்கரத்தில் மட்டும் நிழல் போலத் தெரிந்தன. ஒரே வண்டியில் ஒரு சக்கரத்துக்குக் கம்பி இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை என்றால் விளம்பரத்தில் விசித்திரமாக இருக்கும். 1/500 வைத்தால் எல்லாம் உறைந்து, ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டி மேல் ஆள் உட்கார்ந்திருப்பது போல் ஆகிவிடும். 1/100-ல் நகர்வு மூன்றேகால் சென்டிமீட்டர். முன்னால் பாதி இடைவெளிக்குச் சற்றுக் குறைவு, பின்னால் பாதிக்குச் சற்று மேல். இரண்டு சக்கரமும் உயிரோடு இருந்தன.

மெக்கானிக்கல் ஷட்டர் மட்டும்தான் வைத்துக்கொண்டேன். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரிலும் போனிலும் படம் வரி வரியாகப் பதிவதால் சுற்றும் கம்பிகள் வாழைநார் போல வளைந்து விழும்.

இடம் பிடித்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலை அதில்தான். கானாடுகாத்தான் பெரிய வீடுகள் ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் முடியும். அதனால் குறுக்குத் தெருவில் பக்கச் சுவர் நீளத்துக்கு ஓடும், கதவு ஜன்னல் அதிகம் இருக்காது. நான் தேடியது கிழக்கு மேற்காக ஓடும் அப்படி ஒரு தெரு, வடபுறம் சுவர், தென்புறம் வெட்டவெளி. செயின் வண்டியின் வலப்பக்கம் இருப்பது. அது கேமராவுக்குத் தெரிய வண்டி படத்தில் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். தெருவின் தென்புறம் நான், வண்டி கிழக்கு நோக்கி. மார்கழியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து நன்றாகத் தெற்கே சாய்ந்து உதிக்கும், ஆகவே வெயில் முன்னாலிருந்து சரிந்து நேரே செயின் பக்கம் விழும். இதையே ஆடி மாதம் எடுத்திருந்தால் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், செயின் பக்கம் நிழலில் போயிருக்கும். தென்புறம் ஒரு வீடு பிரித்து விற்கப்பட்டு வெறும் மனையாகக் கிடந்ததால், ஆறே முக்காலுக்கெல்லாம் வெயில் தடையில்லாமல் தெருவில் இறங்கியது. அந்த மனையைப் பார்க்க மனசு கேட்கவில்லை. தேக்கும் கல்தூணும் எந்த ஊர் ஹோட்டலில் நிற்கின்றனவோ.

சுவரிலும் இடம் பார்க்க வேண்டியிருந்தது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் வெள்ளிக் கம்பி கரைந்துவிடும். மழைத் தண்ணீர் ஏறி அடிச்சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப் பாசி படிந்திருந்த பகுதி ஒன்று இருந்தது. கேமராவைச் சக்கர அச்சின் உயரத்துக்கு இறக்கினால் சக்கரத்துக்குப் பின்னால் அந்தக் கறுப்பே வரும். விளக்கி வைத்த பாத்திரத்தின் விளிம்பு போல ஒவ்வொரு கம்பியும் வெயிலைப் பிடித்தது.

ஆனால் அண்ணன் முதல் படங்களைப் பார்த்துவிட்டு, "கம்பி நல்லா இருக்கு. ரோடு ஓடலையே தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. நின்ற இடத்திலிருந்து கேமராவைத் திருப்பி எடுக்கும்போது சுவரும் ரோடும் இழுபடுவது, வண்டி நகர்ந்த அதே மூன்றேகால் சென்டிமீட்டர் அளவுக்குத்தான். வண்டியை வேகமாக ஓட்டினாலும் ஷட்டரை மெதுவாக்கினாலும் இரண்டும் சேர்ந்தே கூடும். பின்னணி இழுபட்டால் கம்பி போகும், கம்பி நின்றால் பின்னணி நிற்கும். லென்ஸை மாற்றியும் பயனில்லை.

வழி ஒன்றுதான். கேமராவும் கூடவே ஓட வேண்டும். அப்போது இழுபடும் அளவு தூரத்தைப் பொறுத்து மாறும். வண்டியை விடத் தள்ளியிருப்பது குறைவாகவும், கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது அதிகமாகவும் ஓடும். ஒரு குட்டி யானை லோடு வண்டியின் பின்தட்டில், கதவை இறக்கிக் கட்டிவிட்டு, மடித்த சாக்கின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். இன்னொருவர் என் காலைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் 3 மீட்டர் தள்ளி, எங்களுக்கு இணையாக. லென்ஸ் பார்வையில் 1 மீட்டரில் வரும் ரோட்டோரச் செம்மண்ணும் புல்லும் சைக்கிளை விட மூன்று மடங்கு, அதாவது 10 சென்டிமீட்டர் அளவுக்குக் கோடாக இழுபட்டன. சுவர் முன்னை விடக் கொஞ்சம் தெளிவாகவே இருந்தது, அதுவும் நல்லதாயிற்று. பார்த்தவுடன் செட்டிநாட்டுச் சுவர் என்று தெரிந்தது. அதே 1/100தான். தெரு வெறிச்சோடி இருக்கும் நேரம் என்பதால்தான் இப்படிச் செய்ய முடிந்தது, போக்குவரத்துள்ள ரோட்டில் இதைச் செய்யக் கூடாது.

கோலம் போட்டு முடித்து வந்து நின்ற ஆச்சி, "இந்தத் தம்பி எத்தனை தடவைதான் போவாரு, ஒரு வாய் காப்பி குடுங்கப்பா" என்றார். காப்பியும் அவரே கொடுத்தார்.

எந்தப் படம் தேறியது என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது ஒரே இடம், பின் சக்கர அச்சின் நட்டு. வண்டியில் சுற்றாமல் இருப்பது அது. அதன் ஆறு முனையும் கூர்மையாக இருந்தால் படம் சரி. பக்கவாட்டில் வால் முளைத்திருந்தால் இரண்டு வண்டி வேகமும் ஒத்துப்போகவில்லை. மேலும் கீழுமாகக் கலங்கியிருந்தால் எஞ்சின் அதிர்வு. எங்களுக்கு அதிகம் வந்தது இந்த இரண்டாவதுதான். டிரைவரைக் கொஞ்ச தூரம் வேகம் எடுத்துக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடச் சொன்னபின் பாதியாகக் குறைந்தது.

செயினைத் தனியாக எடுத்தோம். அதை முந்தின இரவே மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் விட்டிருந்தார் மெக்கானிக். கிரீஸ் அப்பினால் படத்தில் கறுப்புக் கட்டியாகத்தான் விழும். செயினுக்கு வேறு கணக்கு. பின்னால் 18 பல், ஒரு பல்லுக்கு அரை இன்ச். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது செயின் ஓடுவது 23 சென்டிமீட்டர்தான், வண்டியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. 1/100-ல் அது 3 மில்லிமீட்டர் நகரும், நின்ற செயின் போலவே தெரியும். அதனால் இந்தப் படத்துக்கு மட்டும் 1/50. செயின் அரைக் கண்ணி அளவு நகர்ந்து, தகடு தகடாக எண்ணும்படியும், ஓடுவது தெரியும்படியும் வந்தது. பின்னாலிருந்த ஸ்போக்ஸ் எல்லாம் படலமாகக் கரைந்ததால் செயின் இன்னும் எடுப்பாக நின்றது.

மிதிக்காமல் உருள விட்டு எடுத்தால் செயின் அசையவே அசையாது, கூர்மையாகக் கிடைக்கும் என்று மெக்கானிக்கே யோசனை சொன்னார். எடுத்தும் பார்த்தோம். ஆனால் மிதிக்கும்போது மேல் செயின் நூல் பிடித்தது போல் விறைத்து நிற்கும், கீழ்ச் செயின் லேசாகத் தொய்யும். உருளும்போது மேலேயும் அந்த விறைப்பு இல்லை. படத்தில் அந்தத் தொய்வு தெரிந்தது, தள்ளிவிட்டோம்.

பிளெக்ஸில் முழு வண்டிப் படம் அப்படியே போனது. நாளிதழ் விளம்பரத்துக்கு அந்தப் படம் உதவவில்லை. உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கி, புள்ளி புள்ளியாக அச்சாகும்போது ஸ்போக்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. அதற்கு முன் சக்கரத்தின் கீழ்ப் பாதியை மட்டும் பெரிதாக வெட்டி, பக்கத்தில் செயின் படத்தைச் சேர்த்துக் கொடுத்தேன்.