பொன்னாடைக்கு இருபது, சாதனையாளருக்கு இரண்டு

எங்கள் சங்கத்தின் ஆண்டுவிழா நிகழ்ச்சி நிரலைச் செயலாளர் அண்ணன் வீடு தேடி வந்து கொடுத்தார். 'வாழ்நாள் சாதனையாளர் அறிமுகம்' என்ற வரிக்கு எதிரே என் பெயரும், அதற்கு எதிரே '2 நிமிடம்' என்ற குறிப்பும் அச்சாகியிருந்தன. அதற்கு அடுத்த வரியில் 'பொன்னாடை போர்த்துதல் – 20 நிமிடம்' என்று இருந்தது. வளவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆத்தா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அம்பது வருசம் உழைச்ச மனுசனுக்கு ரெண்டு நிமிசம், துண்டுக்கு இருபது நிமிசமா?" என்றார். செயலாளர் அண்ணன் அதற்குப் பதில் சொல்லாமல், இன்னும் எட்டு வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்க வேண்டும் என்று எழுந்துவிட்டார்.

1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கிய காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு நிமிடம் பேசு என்று சொல்வதே ஒருவகை அவமதிப்பு. கம்பனில் ஒரு பாட்டை எடுத்து ஒரு மாலைப் பொழுது முழுவதும் பேசினாலும் எழுந்து போகாத செவிகள் இவை. இங்கே "ஒரு வார்த்தை சொல்லி அமர்கிறேன்" என்பவர்கூட அரை மணி நேரம் கழித்தே அமர்வார்; அதை யாரும் குற்றமாகக் கொண்டதில்லை.

இந்த ஆண்டுச் சாதனையாளர், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பெரியவர். அவருடைய மருமகன் தட்டச்சு செய்து அனுப்பிய வாழ்க்கைக் குறிப்பு 11 பக்கம். மேடையில், நாலு பேருக்குப் புரியும்படி நிறுத்திப் பேசினால், எனக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொற்கள் வரும். ஆகவே இரண்டு நிமிடம் என்பது 180 சொல்; கைதட்டலுக்கும் ஒலிவாங்கியின் உயரத்தைச் சரிசெய்வதற்கும் பதினைந்து நொடி போனால், கையில் மிஞ்சுவது 160 சொல்லுக்கும் குறைவு. மருமகனின் குறிப்பை அப்படியே வாசித்தால் அரை மணி நேரம் ஆகும். ஆண்டுவாரியாகப் பிறப்பிலிருந்து தொடங்கிச் சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது நிமிடம் முடியும்போது பெரியவர் ஐந்தாம் வகுப்பில்தான் இருந்தார், அரைக்கால் சட்டையுடன். வாழ்நாள் சாதனை தொடங்கவே இல்லை.

மனத்துக்குள் வாசித்து நேரம் பார்த்தால் எல்லா உரையும் இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், அது ஏமாற்று. வாய்விட்டு, எழுந்து நின்று, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு படித்தால்தான் உண்மை தெரியும். நான் அப்படிப் படித்ததில் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து, யாரிடம் சண்டை என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதலில் வெட்ட வேண்டியது விளிப்பு. "விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, மண்டபத்தை மனமுவந்து அளித்த வள்ளல் அவர்களே" என்று ஏழு பேரைப் பட்டங்களோடு அழைத்து முடிக்க எனக்கு நாற்பது நொடி ஆயிற்று. அதாவது அறிமுகத்தில் மூன்றில் ஒரு பங்கு, அறிமுகப்படுத்தப்பட வேண்டாதவர்களுக்கே போயிற்று. வரவேற்புரையில் எல்லாரையும் பெயர் சொல்லி வரவேற்றிருப்பார்கள். ஆகையால் "அவையோர்க்கு வணக்கம்" என்ற இரண்டு சொல் போதும் என்று செயலாளர் அண்ணனிடம் சொன்னேன். மண்டபத்துக்காரர் பெயரை மட்டுமாவது சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆண்டு வாடகை கேட்பார் என்றார். எப்படியாவது அவரையும் உரைக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

அடுத்தது, மற்றவர்கள் எதைச் சொல்லப் போகிறார்கள் என்று பார்ப்பது. பெரும்பாலான அறிமுக உரைகள் கெடுவது இங்கேதான். எனக்குப் பின்னால் பாராட்டு மடலை ஒருவர் வாசிப்பார். பிறந்த ஊர், ஆண்டு, பெற்ற விருதுகள் எல்லாம் அதில் அச்சாகிச் சட்டமிட்டு அவர் வீட்டுச் சுவருக்கே போகப் போகின்றன. அவற்றை நானும் சொன்னால் அவையோர் ஒரே செய்தியை இருமுறை கேட்பார்கள். மடலின் படியை முன்கூட்டியே வாங்கி, அதில் இருப்பதையெல்லாம் என் தாளிலிருந்து அடித்தேன். பிறகு, சென்ற ஆண்டுச் சாதனையாளருக்கும் பொருந்தக்கூடிய வரிகளை அடித்தேன். சென்ற ஆண்டு பாராட்டப்பட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "எளிமையானவர், பண்பாளர், உழைப்பால் உயர்ந்தவர்" எல்லாம் அவருக்கும் பொருந்தியதால் போயின. "காலத்தால் அழியாத" என்பது எல்லாருக்கும் பொருந்தியதால் போயிற்று. மருமகனின் 11 பக்கத்தில் அதற்குப் பிறகு ஒரு பக்கமே எஞ்சியது. அதிலும் பாதி மருமகனைப் பற்றியது.

அந்த நிலையில்தான் பெரியவரைப் பார்க்க ஆத்தங்குடிக்குப் போனேன். கல் பட்டறைக்குள் நுழைந்தவுடன் அவர் என்னைக் கவனிக்கவில்லை. கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் சிமென்ட்டில் கரைத்த வண்ணத்தைச் சிறு கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தார். அச்சைத் தூக்கியபோது வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றன. அதன்மேல் உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, ஈரத்தை அது குடித்த பிறகு, சாந்தை வைத்துச் சமன்செய்தார். சூளை கிடையாது. ஒரு நாள் காய்ந்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, கண்ணாடியை விட்டுக் கழன்று வரும்போது அந்தப் பக்கமே பளபளவென்று மேல்முகமாகிவிடுகிறது. எல்லாவற்றையும் தலைகீழாகவே செய்கிறார்; பூ எப்படி வந்திருக்கிறது என்று கடைசியில்தான் தெரியும்.

அவரிடம் பெற்ற விருதுகளைக் கேட்டால் நினைவில்லை என்றார். செய்த வேலைகளைக் கேட்டேன். வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில், "நீங்க விழா வைக்கிற மண்டபமும் நம்ம கல்லுதான் தம்பி" என்றார்.

இதற்கு மேல் ஒரு அறிமுக உரைக்கு என்ன வேண்டும்? ஆனாலும் கேள்விப்பட்டதை மேடையில் சொல்லிவிட்டு, கூட்டத்தில் ஒருவர் எழுந்து "அது எங்கள் சித்தப்பா போட்ட கல்" என்று சொன்னால் சாதனையாளரின் மானம்தான் போகும். மண்டபத்துக்காரரிடம் கேட்டு உறுதி செய்தேன். நடுக்கூடம் முழுவதும் பெரியவர் கல். சுவரோரப் பட்டையும் மேடையும் பிறகு வேறு ஆள் போட்டவை. எனவே "இந்த மண்டபத்தின் தரை" என்று எழுதியதை "நடுக்கூடத்தின் தரை" என்று மாற்றினேன். எழுதியதைப் பெரியவரிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டினேன்; பெயருக்கு முன்னால் எந்த முதலெழுத்து வரும், எதைச் சொல்ல வேண்டாம் என்பதை அவர்தானே சொல்ல வேண்டும்? பட்டறையில் இப்போது அவரோடு இருக்கும் இருவரைச் சொல்லச் சொன்னார். மருமகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பெயரைக் கடைசிச் சொல்லாக வைத்தேன். இதில் அழகைவிட முழங்கால்தான் முக்கியம். சென்ற ஆண்டு அறிமுகம் செய்தவர் முதல் வரியிலேயே தலைமையாசிரியரின் பெயரைச் சொல்லிவிட்டார்; கூட்டம் கைதட்டியது; மனிதர் மரியாதைக்கு எழுந்து கைகூப்பினார். உரை முடியும்வரை உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் ஒன்பது நிமிடம் கைகூப்பியபடியே நின்றார், அந்த வயதில். பெயர் கடைசியில் வந்தால் கைதட்டலும் எழுந்திருப்பதும் ஒரே நேரத்தில் முடியும்.

விழா அன்று நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் தாமதம். வாழ்த்துரைக்கு வந்த ஒருவர் தம் சொந்த வாழ்க்கையை விரிவாக அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். செயலாளர் அண்ணன் என் காதருகே வந்து, இரண்டு நிமிடத்தை ஒரு நிமிடமாக்க முடியுமா என்று கேட்டார். பொன்னாடையைப் பத்தொன்பது நிமிடமாக்க முடியுமா என்று நான் கேட்டேன். சிறப்பு விருந்தினரின் உறவுக்காரர்கள் மூன்று பேர் கூடுதலாக வந்திருப்பதால் முடியாது என்றார்.

எழுந்து போய் வணக்கம் சொன்னேன். "நடுக்கூடத்தில் அமர்ந்திருப்பவர்கள் ஒருமுறை காலுக்குக் கீழே பாருங்கள்" என்றேன். அவ்வளவு பேரும் குனிந்தார்கள். சில ஆச்சிமார்கள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். பூச்சி என்று நினைத்திருக்க வேண்டும். மேடையில் இருந்த சிறப்பு விருந்தினரும் கால்களை உயர்த்திப் பார்த்தார். அது வேறு ஆள் போட்ட கல் என்று சொல்ல எனக்கு நேரம் இல்லை. "நம் மண்டபத்துக்காரர் வீட்டில் கல்யாணம் நடந்தபோதெல்லாம் மணமக்கள் நடந்து வந்த இந்தப் பூக்கள், அச்சில் ஒவ்வொன்றாகக் கரண்டியால் ஊற்றப்பட்டவை" என்ற வரியில் மண்டபத்துக்காரரும் வந்துவிட்டார், அவர் முகமும் மலர்ந்துவிட்டது. நெருப்பில்லாமல் கல்லாகும் வேலையை நான்கு வரியில் சொன்னேன். பட்டறையில் இருக்கும் இருவரைச் சொன்னேன். "50 ஆண்டுகளுக்கும் மேலாக நம்மை நடக்க வைத்தவர் இப்போது மேடைக்கு நடந்து வருகிறார்" என்று சொல்லிப் பெயரைச் சொன்னேன். கைதட்டலோடு சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. மருமகன் மட்டும் கைதட்டவில்லை.

ஏற்புரைக்குப் பெரியவருக்கு மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "கும்புடுறேன். மேற்கு வாசப் பக்கம் மூணு கல்லு நெறம் ஒட்டல. மஞ்சக் கலவை பத்தாம மறுநா புதுசாக் கலக்குனது. அன்னைக்கே மாத்தித் தாரேன்னேன், கல்யாண அவசரம்னு விட்டுட்டாங்க. அதை மட்டும் யாரும் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

விழா முடிந்ததும் பந்திக்குப் போக வேண்டிய கூட்டம் முழுவதும் மேற்கு வாசலுக்குப் போயிற்று. எந்த மூன்று கல் என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. நான் பார்த்தவரை எல்லாக் கல்லும் ஒரே மஞ்சள்தான். ஆத்தா மட்டும் இன்னது என்று விரல் நீட்டிக் காட்டினார். பெரியவரும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினார். இலை போட்டு அரை மணி நேரம் ஆகியும் ஆள் வரவில்லை என்று சமையல்காரர் செயலாளர் அண்ணனைத் திட்ட, அவர் என்னிடம் வந்து, உன் இரண்டு நிமிடத்தால் பந்தி கெட்டது, அடுத்த ஆண்டு அறிமுகத்துக்கு ஒன்றரை நிமிடம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். மிச்ச அரை நிமிடம் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை.