இரண்டு சொல்லுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சொல்: நான் தேடும் முறை

"அந்த வீட்டில் சத்தம் பிறகு அடங்கியது. இந்த வாக்கியத்தில் மூன்று எழுத்து உறவுப்பெயர் ஒன்று மறைந்திருக்கிறது, கண்டுபிடி." ஒரு சொல்லின் கடைசியும் அடுத்த சொல்லின் தொடக்கமும் சேர்ந்து மூன்றாவது சொல் ஆகும் வகைக் கேள்வி இது. தேர்வுக்குப் படித்த காலத்தில் மொழித்திறன் பயிற்சித் தாள்களில் இது வந்தால் பலரும் வாக்கியத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வெறித்துப் பார்க்கவே வேண்டாம், இலக்கணம் பாதி வேலையை முடித்துவிடும்.

முதலில் சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை மட்டும் பாருங்கள். மூன்று எழுத்து விடை என்றால் ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டே வாய்ப்பு: இடப்பக்கம் இரண்டு எழுத்தும் வலப்பக்கம் ஒன்றும், அல்லது இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் இரண்டும். மேலே உள்ள வாக்கியத்தில் நான்கு இடைவெளி, ஆக எட்டு வாய்ப்பு. மெய்யெழுத்தையும் தனி எழுத்தாகவே எண்ண வேண்டும்.

இப்போது தள்ள வேண்டியவற்றைத் தள்ளுவோம். "அந்த வீட்டில்" தருவது ந்தவீ, தவீட். முதலாவது மெய்யில் தொடங்குகிறது, இரண்டாவது ட் என்று முடிகிறது. தமிழ்ச் சொல் இரண்டுக்கும் இடம் தராது. "வீட்டில் சத்தம்" தருவது டில்ச, ல்சத். ட சொல்லுக்கு முதலில் வராது, ல் மெய். கடைசி இடைவெளியில் றகுஅ, குஅட. ற முதலில் வராது. அப்புறம் உயிரெழுத்து சொல்லின் நடுவே தனியாக வருவது அபூர்வம். அதனால் வலப்பக்கச் சொல் உயிரில் தொடங்கினால் நான் அந்த இடைவெளியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மிஞ்சியது "சத்தம் பிறகு". அதிலும் ம்பிற போய்விடும். தம்பி அகப்பட்டுவிட்டான்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: விடை வெட்டுப்படும் இடத்துக்கு அடுத்த எழுத்து, சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்தாக இருந்தே தீர வேண்டும். தம்பியை த, ம்பி என்று வெட்டவே முடியாது. பழம் என்ற சொல்லை இப்படி ஒளித்துவைக்கவே முடியாது, ஏனென்றால் ழ-வில் தொடங்கும் சொல்லும் இல்லை, ம்-மில் தொடங்கும் சொல்லும் இல்லை. ட, ர, ல மூன்றிலும் டவுன், ரயில், லட்டு மாதிரி வந்த சொற்கள் உண்டு என்பதால், அவற்றைக் கடைசியாகத் தள்ளுங்கள்.

அடுத்து ஒற்று. "பிறகு திரைச்சீலை விலகியது" என்றால் குதிரை ஒளிந்திருக்கிறது. "நாடகத்துக்குத் திரைச்சீலை வாங்கினார்கள்" என்றால் இல்லை, நடுவில் த் வந்து குத்திரை ஆகிவிடுகிறது. சில தாள்களில் அந்த ஒற்றை விட்டுவிட்டே அச்சடித்திருப்பார்கள். வேறு எந்த இடைவெளியிலும் எதுவும் தேறவில்லை என்றால், ஒற்று விடுபட்டதையும் மீறி குதிரையையே எழுதுங்கள். தேர்வறையில் கேள்வி எழுதியவரோடு இலக்கணச் சண்டை போட்டுப் பயனில்லை.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொரு பொறி உண்டு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம் என்று வளர்வதால் இரண்டு மொழிச் சொல்லும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். "வரிசையாக விதைத்தார்கள்" என்பதில் கவிதை இருக்கிறது, சரி. "வரிசையாக விதவிதமான பூக்கள்" என்பதில் கிடைப்பது கவித. மலையாளத்தில் அது கவிதைதான், அதனால் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் சட்டென்று டிக் போட்டுவிடுகிறார்கள். மழ, தல, வில என்று மலையாளம் அகரத்தில் முடிக்கும் இடத்தில் தமிழ் மழை, தலை, விலை என்று ஐகாரத்தில் முடிக்கும். அகரத்தில் முடியும் விடை கிடைத்தால், அதற்கு ஐகாரம் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். சேர்த்தால்தான் தமிழில் பொருள் வருகிறது என்றால் அது விடை இல்லை.

பயிற்சிக்குப் புத்தகம் தேட வேண்டாம், நீங்களே கேள்வி தயாரியுங்கள். விடையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் என்றால் சுவ, ர் என்ற வெட்டு ஆகாது. சு, வர் மட்டும்தான். சு-வில் முடியும் சொல் அரசு, வர்-இல் தொடங்குவது வர்த்தகம். "அரசு வர்த்தகம் பற்றிப் பேசியது" என்று எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுங்கள். இதே மாதிரி கைதி என்ற சொல்லை நீங்கள் ஒளித்துப் பாருங்கள். கை என்று முடியும் சொல்லுக்கு வருகை, வாழ்க்கை என்று நிறைய உண்டு, தி-யில் தொடங்கும் சொல்லுக்கும் பஞ்சமில்லை. நடுவில் த் வராத வாக்கியமாக அமைப்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.