ஒரே பதிவேட்டில் பல கையெழுத்து: எண்களைப் படியெடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை

பழைய மழை, வெப்பநிலைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் இருக்கிறோம். ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, உச்ச வெப்பம், குறைந்த வெப்பம், மழை அளவு, குறிப்பு என்று கட்டங்கள். மாதக் கடைசியில் கூட்டுத்தொகை. பார்க்க எளிது. ஆனால் ஒரு பதிவேட்டைப் பல வருடம் பலர் எழுதியிருப்பார்கள். ஒருவருடைய ஒன்றும் இன்னொருவருடைய ஏழும் ஒரே மாதிரி இருக்கும். சொற்களில் ஓர் எழுத்து புரியாவிட்டால் மற்ற எழுத்துகள் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணில் அந்த உதவி கிடையாது. 11.0 மழையும் நடக்கக்கூடியது, 17.0 மழையும் நடக்கக்கூடியது. அதனால்தான் முதல் பக்கத்தைத் திறந்ததும் தட்டச்சு செய்ய உட்காராமல், யார் யார் எழுதியிருக்கிறார்கள், அவரவர் எண் எப்படி விழுகிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்கிறோம்.

முதல் வேலை, கை மாறும் இடங்களைக் குறிப்பது. பெயர் தேட வேண்டியதில்லை. ‘அ’ கை, ‘ஆ’ கை என்று வைத்துக்கொண்டால் போதும். பக்கங்களைச் சற்று வேகமாகப் புரட்டினாலே பெரிய மாற்றங்கள் தெரிந்துவிடும்: எழுத்தின் சாய்வு, மையின் நிறம், முனையின் தடிமன், எண்கள் கோட்டின் மேல் உட்காருகின்றனவா அல்லது மிதக்கின்றனவா என்பது. எண்களை விட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. மழை இல்லாத நாளை எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். ஒருவர் சிறு கோடு இழுப்பார், ஒருவர் சுழியம் போடுவார், ஒருவர் கட்டத்தைக் காலியாக விடுவார், இன்னொருவர் முதல் நாள் மட்டும் எழுதிவிட்டுக் கீழே ‘மேற்படி’க் குறி இட்டுக்கொண்டே போவார். இந்தப் பழக்கம் அவசரத்திலும் மாறுவதில்லை. தவிர, காலிக் கட்டம் ஒருவருக்கு ‘மழை இல்லை’, இன்னொருவருக்கு ‘அளக்கவில்லை’. கையைத் தெரிந்துகொள்ளாமல் காலிக் கட்டத்துக்குச் சுழியம் போட்டுவிட்டால், இல்லாத ஓர் அளவீட்டை நாமே உண்டாக்கிவிடுகிறோம்.

கை மாற்றத்தைப் பக்கக் கணக்கில் பார்க்கக் கூடாது. வரிக் கணக்கில் பார்க்க வேண்டும். விடுப்பில் போனவருக்குப் பதிலாக வந்தவர் ஒரே ஒரு வரி எழுதியிருப்பார். சில சமயம் ஒரே வரிக்குள்ளேயே வெப்பநிலை ஒருவருடையதாகவும் மழை அளவு இன்னொருவருடையதாகவும் இருக்கும். கூட்டுத்தொகை வரி பெரும்பாலும் மேற்பார்வையாளரின் கை. அது தனிக் கை என்பதை மறந்தால் பின்னால் சரிபார்க்கும்போது வழுக்கும்.

அடுத்தது ஒவ்வொரு கைக்கும் ஓர் இலக்க அட்டவணை. இதில் ஒரு விதியை விட்டுக்கொடுப்பதில்லை: அட்டவணையில் வரும் இலக்கம், அதன் வடிவத்தைப் பார்க்காமலேயே நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். தேதிக் கட்டம் இதற்குப் பொன்னான இடம். பதினாறாம் வரிக்கு அடுத்தது பதினேழு என்பதில் சந்தேகமே இல்லை. ஆகவே அங்கே இருக்கும் ஏழுதான் அவருடைய ஏழு. பக்க எண், வருடம், வரிசை எண் இவையும் அப்படியே. படம் பிடித்த பக்கத்திலிருந்து அந்த இலக்கத்தை வெட்டி, 0 முதல் 9 வரை பத்துக் கட்டங்களில் ஒட்டி, எந்தப் பக்கம், எந்த வரி என்று கீழே எழுதிவிடுகிறோம். ஓர் இலக்கத்துக்கு ஐந்தாறு மாதிரிகளாவது வேண்டும். அவற்றில் எண்ணின் முதலில் வருவதும் கடைசியில் வருவதும் இருக்க வேண்டும். பேனா எடுக்காமல் எழுதுபவரின் இலக்கம் இடத்துக்கு இடம் உருமாறும்.

தேதிக் கட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. மாதம் பிறந்ததுமே ஒருவர் உட்கார்ந்து 1 முதல் 31 வரை மொத்தமாக எழுதி வைத்துவிடுவது உண்டு. அப்படியானால் தேதியை எழுதிய கை வேறு, அளவை எழுதிய கை வேறு. தேதிகள் எல்லாம் ஒரே மையில், ஒரே சீரான இடைவெளியில், ஒரே மூச்சில் எழுதியது போலவும், அளவுகள் நாளுக்கு நாள் மை மாறியும் இருந்தால் அந்தப் பக்கத்தின் தேதிகளை அளவு எழுதியவருக்கு மாதிரியாக எடுக்கக் கூடாது.

அட்டவணையில் பத்து இலக்கங்களும் ஒரே அளவு கவனம் கேட்பதில்லை. தொந்தரவு சில ஜோடிகளில்தான். ஒன்றுக்கு முன்னால் நீளமாக மேல்நோக்கிக் கோடு இழுப்பவரின் ஒன்று, இன்னொருவரின் ஏழு போலவே இருக்கும். பொதுவாக அப்படி எழுதுபவர் ஏழின் நடுவில் குறுக்குக் கோடு போட்டிருப்பார், ஆகவே அவருடைய ஒன்றைப் புரிந்துகொள்ள அவருடைய ஏழைப் பார்க்க வேண்டும். நான்கின் தலையை மூடி எழுதுபவரிடம் நான்கும் ஒன்பதும் குழம்பும். ஐந்தின் தொப்பியைக் கடைசியில் தனியாகப் போடுபவர் அவசரத்தில் அதை விட்டுவிட்டால் அது மூன்று போலத் தெரியும், சில நேரம் அந்தத் தொப்பி பக்கத்து இலக்கத்தின் மேல் போய் விழும். சுழியத்தை மூடும்போது வால் மேலே நீண்டால் ஆறாகிவிடும். ஒரு கையில் இந்த ஜோடிகளில் எது குழம்புகிறது, எது குழம்பவே இல்லை என்று அட்டவணையின் அடியில் ஒரு வரி எழுதி வைத்தால், படியெடுக்கும்போது கண் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும்.

பழக்கம் என்பது வடிவம் மட்டுமே கிடையாது. வெப்பமானியைப் படிக்கும்போது சிலர் எப்போதும் அரை டிகிரிக்குக் கொண்டுவந்து எழுதுவார்கள். அவருடைய தசம இடத்தில் 0, 5 இரண்டுதான் வரும். அப்படிப்பட்ட கையில் திடீரென்று ஒரு .3 தென்பட்டால், தொப்பி விழுந்த ஐந்தா என்று உற்றுப் பார்க்க வேண்டும்.

இனி ஒரு மாதத்தை எடுத்துக் காட்டுகிறேன். மழை பெய்த எட்டு நாட்களை முதலில் படித்தபோது கிடைத்தது, மில்லிமீட்டரில்:

```
தேதி    மழை
 3      4.2
 7     11.4
 8      0.6
12     17.0
15     23.8
19      9.4
24      2.2
28     20.0
```

கூட்டினால் 88.6. பக்கத்தின் அடியில் எழுதியிருப்பது 82.6. வித்தியாசம் சரியாக 6.0. இந்த வித்தியாசமே துப்பு. ஒன்றை ஏழாகப் படித்தால் ஆறு கூடும். சுழியத்தை ஆறாகப் படித்தாலும் ஆறு கூடும். நான்கை ஒன்பதாகப் படித்திருந்தால் ஐந்து, மூன்றை ஐந்தாகப் படித்திருந்தால் இரண்டு கூடியிருக்கும். ஒன்றாம் இடத்தில் ஏழோ ஆறோ இருக்கும் வரி இந்தப் பட்டியலில் பன்னிரண்டாம் தேதி மட்டுமே.

ஆனால் கணக்கு ஒத்துப்போகிறது என்பதற்காக 17ஐ 11 ஆக மாற்றிவிட முடியாது. அந்தப் பக்கத்துக்குத் திரும்பினோம். மாதம் முழுக்க ‘அ’ கை. 11, 12, 17 ஆகிய மூன்று வரிகள் மட்டும் வெளிறிய மையில், வலப்பக்கம் சாய்ந்து. தேதியும் அளவும் சேர்ந்தே மை மாறியிருப்பதால் தேதிகள் முன்கூட்டி எழுதியவை அல்ல. இது மாற்றாளாக வந்த ‘இ’ கை. இப்போது அவர் எழுதிய தேதிகளே சான்று. பதினொன்றாம் தேதியில் முதல் ஒன்று வெறும் நேர்கோடு. இரண்டாவது ஒன்றுக்கு, முதல் ஒன்றின் அடியிலிருந்து ஏறிவரும் நீண்ட கோடு இருக்கிறது. உச்சியில் கூர்மையாக மடிந்து கீழே இறங்குகிறது. பன்னிரண்டாம் தேதி மழைக் கட்டத்தில் இருக்கும் இரண்டு இலக்கங்களும் அச்சு அசலாக அதேதான். பதினேழாம் தேதியில் உள்ள அவருடைய ஏழுக்கோ தலை தட்டையாக, நடுவில் குறுக்குக் கோட்டுடன் இருக்கிறது. ஆகவே 11.0. ‘அ’ கையின் அட்டவணையை வைத்துக்கொண்டு அதே வரியைப் படித்தால் 17 என்றுதான் வரும், ஏனென்றால் ‘அ’ தன் ஒன்றுகளை எப்போதும் நேர்கோடாகவும் ஏழைக் குறுக்குக் கோடு இல்லாமலும் எழுதுகிறார்.

வடிவம் இடம் கொடுக்கவில்லை என்றால், கூட்டுத்தொகை எதைச் சொன்னாலும் இலக்கத்தை அப்படியே விடுகிறோம். கூட்டியவரும் தவறியிருக்கலாம். அடியில் உள்ள தொகையையும் கூட்டியவரின் அட்டவணையை வைத்தே படிக்க வேண்டும். இரண்டு வாசிப்பும் நிற்கும் இடத்தில் `1[1|7].0` என்று இரண்டையும் பதிந்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் காரணத்தை எழுதுகிறோம். பின்னால் வருபவர் அந்த ஒரு படத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்.

தேதிகளில் வரிசையாக வரும் கட்டம் சிக்கல் தராது. குறிப்புக் கட்டத்தில் எழுதிய தேதிகள்தான் தலைவலி. ஜூலை 9ஆம் தேதி வரியில் ‘புனல் மாற்றியது 7/8’ என்று இருக்கிறது. நாளை முதலில் எழுதும் பழக்கம் என்றால் அது ஆகஸ்ட் 7. இன்னும் வராத நாள். ஆகவே இந்தக் கை மாதத்தை முதலில் எழுதுகிறது, அது ஜூலை 8. ஒரு கைக்கு இப்படி ஒரு சான்று போதாது. 12க்கு மேற்பட்ட எண் வரும் தேதிகளைத் தேடி, அதே பழக்கம் தொடர்கிறதா என்று பார்த்த பிறகே அட்டவணையில் எழுதுகிறோம். சாய்கோட்டையும் கவனியுங்கள்: நிமிர்த்திப் போடுபவரின் 1/1 வெறும் மூன்று ஒன்றுகளாகத் தெரியும். ஜனவரி தொடக்கத்து வரிகளில் பழைய வருடமே கை தவறி வந்திருக்கும். எழுதியதை எழுதியபடி ஒரு கட்டத்திலும், திருத்திய வருடத்தை அடுத்த கட்டத்திலும் வைப்பதே முறை.

விரிதாளில் நாள், மாதம், வருடம் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களாக வைக்கிறோம். 7/8 என்று ஒரே கட்டத்தில் தட்டினால் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு அதை ஒரு தேதியாக மாற்றிவிடும். மூலத்தில் என்ன இருந்தது என்பதே போய்விடும். கை எது என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. அது வேலைக்கு இடையில் பெரிதும் உதவும்: ‘இ’ கையின் ஒன்றைப் பற்றிய முடிவு மாறினால், அந்தக் கை எழுதிய வரிகளை மட்டும் வடிகட்டி மறுபடி பார்க்கலாம். உச்ச வெப்பம் D பத்தியிலும் குறைந்த வெப்பம் E பத்தியிலும் இருந்தால், இந்த ஒரு வாய்ப்பாடு தலைகீழான வரிகளைக் காட்டிவிடும்:

```
=IF(D2<E2,"பார்","")
```

அட்டவணை முடிந்ததும் ஒவ்வொரு கைக்கும் முப்பது வரிகளை இருவர் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் படியெடுக்கிறோம். வேறுபாடுகள் சிதறியிருந்தால் அது கவனக்குறைவு. ஒரே ஜோடியில் திரும்பத் திரும்ப வந்தால் அட்டவணையில் குறை இருக்கிறது. அந்த இலக்கத்துக்கு இன்னும் மாதிரிகள் சேர்க்க வேண்டும். ஒரே ஆளுடைய கையும் வருடங்களில் மாறும், பேனா மாறினாலும் மாறும். அதனால் ஒவ்வொரு அட்டவணையின் தலையிலும் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை செல்லும் என்று எழுதிவிட்டு, அந்த எல்லை தாண்டியதும் தேதிக் கட்டத்திலிருந்து புதிய மாதிரிகளை வெட்டி ஒட்டிப் பார்க்கிறோம்.