சாம்பிள் சப்ளையரிடமிருந்து நேரே வாடிக்கையாளருக்கு, கூரியர் பில் நம் கணக்கில்

சப்ளையர் ஒரு நாட்டில் இருக்கிறார், வாங்கலாமா என்று யோசிக்கிற பார்ட்டி இன்னொரு நாட்டில், நடுவில் நாம் மூன்றாவது நாட்டில். சாம்பிளை நம்மிடம் வரவழைத்து மறுபடி அனுப்பினால் கூரியர் செலவும் இரண்டு முறை, கஸ்டம்ஸும் இரண்டு முறை. அதனால் சப்ளையரையே நேராக அனுப்பச் சொல்கிறோம். "கூரியர் சார்ஜை எங்கள் அக்கவுண்டில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி மெயில் போட்டால் அவரும் சரி என்றுவிடுவார். ஆனால் இறக்குமதி வரியை யார் கட்டுவது, இன்வாய்ஸ் யார் பெயரில் போவது, அதில் என்ன விலை எழுதுவது என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இல்லை. நாம் சொல்லாமல் விட்டதை சப்ளையரின் டிஸ்பாட்ச் ஆள் தன் வழக்கப்படி நிரப்பிவிடுவார். தலைவலி வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எடுத்துக்காட்டாகப் பருத்தி டெர்ரி டவலை வைத்துக்கொள்வோம். மூன்று நிறம், நிறத்துக்கு ஒரு குளியல் டவல் 70 × 140 செ.மீ., ஒரு கைத்துண்டு 50 × 100 செ.மீ., எல்லாம் 500 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 500 கிராம். மொத்தம் ஆறு உருப்படி. துணி மட்டும் சுமார் 2.2 கிலோ, பெட்டியோடு 2.6 கிலோ.

முதல் வேலை சப்ளையரிடம் இல்லை, நம் கூரியர் கம்பெனியிடம். டிஎச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் எதுவானாலும் அக்கவுண்ட் நம்பர் இருப்பதாலேயே அதை எங்கும் பயன்படுத்திவிட முடியாது. நம் நாட்டிலிருந்து அனுப்பவும், நம் நாட்டுக்கு வரவழைக்கவும் திறந்திருக்கும் கணக்கு, இரண்டு வேறு நாடுகளுக்கு இடையில் போகிற பார்சலுக்கும் திறந்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கணக்கு மேலாளரிடம் சப்ளையர் நாடு, வாடிக்கையாளர் நாடு இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: "இங்கிருந்து அங்கே போகிற பார்சலுக்கு மூன்றாம் நபர் பில்லிங் என் கணக்கில் போகுமா?" பதிலை மெயிலில் வாங்கி வைப்பது நல்லது. போகாத கணக்கு என்று பின்னால் தெரிந்தால் கூரியர் கம்பெனி அனுப்பியவரிடம்தான் பணம் கேட்கும். சப்ளையருக்கு அந்த பில் போய்ச் சேர்ந்தால், அடுத்த சாம்பிள் கேட்கும்போது முகம் மாறிவிடும்.

அடுத்தது வாடிக்கையாளரிடம் விவரம் வாங்குவது. கம்பெனி பெயர், பெறுகிறவர் பெயர், தெருவும் கதவு எண்ணும் உள்ள முழு முகவரி. தபால் பெட்டி எண் மட்டும் இருந்தால் கூரியருக்கு உதவாது. நாட்டுக் குறியீட்டோடு நேரடி போன் நம்பர் கட்டாயம், ஏனென்றால் கஸ்டம்ஸில் ஏதாவது கேள்வி வந்தால் கூரியர் ஆள் கூப்பிடுவது அந்த நம்பரைத்தான். ரிசப்ஷன் நம்பரைக் கொடுத்தால் "அப்படி எதுவும் ஆர்டர் செய்யவில்லையே" என்று பதில் போய், பார்சல் திரும்பும் நிலை வரும். அவர்கள் நாட்டில் இறக்குமதியாளர் பதிவு எண்ணோ வரி எண்ணோ தேவையென்றால் அதையும் இப்போதே வாங்கிவிட வேண்டும்.

இனி வே பில், அதாவது பார்சலோடு போகிற கூரியர் சீட்டு. அதில் பணம் பற்றி இரண்டு தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஒன்று போக்குவரத்துக் கட்டணம் யாருக்கு என்பது, இன்னொன்று வரியும் கஸ்டம்ஸ் செலவும் யாருக்கு என்பது. சப்ளையர் முதல் கட்டத்தில் நம் நம்பரைப் போட்டுவிட்டு இரண்டாவதை அப்படியே விடுவார். விட்டால் அது பொதுவாகப் பெறுகிறவர் தலையில் விழும். இலவச சாம்பிள் என்று சொல்லி அனுப்பிய பொருளுக்கு, கதவைத் தட்டிய கூரியர் ஆள் வரி கேட்டால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? ஆகவே இரண்டு கட்டத்திலும் `Third Party` என்று தேர்ந்தெடுத்து இரண்டிலும் நம் நம்பரைப் போட வேண்டும். வரியை நாம் கட்டினால் கூரியர் கம்பெனி அதை முன்பணமாகக் கட்டியதற்கு ஒரு சேவைக் கட்டணமும் சேர்க்கும். இறக்குமதியில் கட்டிய மதிப்புக்கூட்டு வரியையும் பொதுவாக நாம் திரும்பப் பெற முடியாது, இறக்குமதியாளர் வாடிக்கையாளர்தான் என்பதால். சாம்பிள் அளவுக்கு அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சில நாடுகளுக்கு வரியை மூன்றாம் நபர் கட்டும் வசதியே கிடையாது. அங்கே மட்டும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, கட்டிய தொகையை முதல் ஆர்டரில் கழித்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிடலாம்.

இதையெல்லாம் சப்ளையருக்கு விளக்கி எழுதுவதைவிட, லேபிளை நாமே தயாரிப்பது சுலபம். கூரியர் கம்பெனியின் இணையதளத்தில் நம் கணக்கில் நுழைந்து, பிக்கப் முகவரியாக சப்ளையரின் கிடங்கையும் டெலிவரி முகவரியாக வாடிக்கையாளரையும் போட்டு லேபிளை உருவாக்கி, பிடிஎஃப் கோப்பாக சப்ளையருக்கு அனுப்பிவிடலாம். அவர் பிரிண்ட் எடுத்து ஒட்டிக் கொடுத்தால் போதும். இதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அக்கவுண்ட் நம்பரை மெயிலில் எழுதிக் கொடுத்தால், அது சப்ளையரின் டிஸ்பாட்ச் மேசையில் ஒட்டிய தாளில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். பிறகு யாருடைய பார்சலோ நம் கணக்கில் ஏறினால், கெட்ட எண்ணம் இல்லாமல் கவனக்குறைவால் நடந்ததாகவே இருந்தாலும், பணம் நம்முடையது. நம்பரைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ரெஃபரன்ஸ் கட்டத்தில் ஒரு குறியீட்டைக் கட்டாயமாகப் போடச் சொல்ல வேண்டும். அந்தக் குறியீடு இல்லாத பில் வந்தால் உடனே தகராறு எழுப்பலாம்.

லேபிள் போட எடையும் அளவும் வேண்டும். இங்கேதான் நம் டவல் நல்ல பாடம். சப்ளையர் கையில் கிடைத்த 45 × 35 × 25 செ.மீ. பெட்டியில் ஆறு டவலையும் போட்டால் பாதிப் பெட்டி காலி. கூரியர் கம்பெனிகள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து வால்யூம் எடை போடும். 39,375-ஐ வகுத்தால் 7.875, அதை அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றினால் 8 கிலோ. உள்ளே இருப்பது 2.6 கிலோ. அதே டவலை இறுக்கமாக மடித்து 35 × 28 × 12 செ.மீ. பெட்டியில் வைத்தால் வால்யூம் எடை 2.35 கிலோ, உண்மை எடை அதைவிட அதிகம் என்பதால் பில் 3 கிலோவுக்குத்தான். பெட்டி அளவை மெயிலில் எண்ணாகவே எழுத வேண்டும். "சின்னப் பெட்டி" என்றால் அவருக்கு எது சின்னதோ அது வரும். பணத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று காற்றை உறிஞ்சி பேக் செய்யச் சொல்லவும் கூடாது. டெர்ரியின் வளையங்கள் படுத்துப்போய், பெட்டியைத் திறந்ததும் டவல் மெலிந்து தெரியும்.

இன்வாய்ஸில் மதிப்பு பூஜ்யம் என்று எழுதக் கூடாது. பணம் வாங்காத பொருளானாலும் கஸ்டம்ஸுக்கு ஒரு நியாயமான மதிப்பு வேண்டும். "வணிக மதிப்பு இல்லை" என்று மட்டும் எழுதினால் பார்சல் நின்று, மதிப்புக்கு ஆதாரம் கேட்டு மெயில் வரும். உருப்படிக்கு உண்மையான மதிப்பை எழுதி, இலவச சாம்பிள், மதிப்பு கஸ்டம்ஸுக்காக மட்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். பொருள் விவரத்தில் வெறும் `Samples` என்று எழுதுவது இன்னொரு தவறு. என்ன பொருள், எதனால் ஆனது, எப்படி நெய்தது, எத்தனை, கஸ்டம்ஸ் பொருளை வகைப்படுத்தும் HS எண் எது என்று தெரிய வேண்டும்:

```
Cotton terry towel, 100% cotton, woven
70 x 140 cm, 3 pcs / 50 x 100 cm, 3 pcs
HS 6302.60 - free sample, not for resale
```

வாணிக சாம்பிள்களுக்காக 1952-இல் ஜெனீவாவில் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தம் மிகக் குறைந்த மதிப்புள்ள சாம்பிள்களுக்கு வரிவிலக்கு தருகிறது. விற்க முடியாதபடி முத்திரை குத்தவோ, கிழிக்கவோ, துளையிடவோ கஸ்டம்ஸ் கேட்கலாம் என்றும் அது சொல்கிறது. டவலில் ஓரத்தை ஒட்டி அழியாத மையில் ஒரு முத்திரை போட்டாலும் துவைத்துப் பார்க்கும் சோதனைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதே டவலைத் தன் முதலாளிக்குக் காட்டப்போகிற வாடிக்கையாளரிடம் கேட்காமல் முத்திரை குத்திவிடக் கூடாது.

இன்வாய்ஸ் யார் பெயரில் என்பதுதான் நடுவில் இருக்கிறவருக்கு உறுத்துகிற கேள்வி. சப்ளையர் தன் வழக்கமான இன்வாய்ஸைப் போட்டால், அவர் நமக்குக் கொடுக்கும் விலை வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும். ஆகவே இறக்குமதிக்கான இன்வாய்ஸை நம் லெட்டர்ஹெட்டில், நாம் அவருக்குக் கொடுத்த கொட்டேஷனோடு ஒத்துப்போகிற மதிப்பில் தயாரித்து, லேபிளோடு சேர்த்து நாமே பதிவேற்றிவிட வேண்டும். சப்ளையர் நாட்டில் ஏற்றுமதிக்கு அவருடைய ஆவணம் தனியாகத் தேவைப்படலாம், அதைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பேக்கிங் ஸ்லிப், விசிட்டிங் கார்டு, கேட்லாக், லோகோ அச்சிட்ட டேப், டவலில் தொங்கும் டேக் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தவிர்க்கச் சொல்ல வேண்டும். "உங்கள் அடையாளம் எதுவும் வேண்டாம்" என்றால் டேப் அதில் சேர்த்தி என்று யாருக்கும் தோன்றாது.

ஆனாலும் முழுக்க மறைத்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். பார்சல் எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்று டிராக்கிங் பக்கமே காட்டும். ஏற்றுமதியாளர் பெயரை மாற்றிப் போடுவது பல நாடுகளில் சட்டச் சிக்கல். சப்ளையர் யாரென்று தெரிந்தாலே வியாபாரம் போய்விடும் என்கிற நிலையில், இந்த வழியே வேண்டாம். சாம்பிளை நம்மிடம் வரவழைத்து, மறுபடி பேக் செய்து அனுப்பிவிடுவதே மேல்.

இந்த முறையின் உண்மையான பலவீனம், வாடிக்கையாளர் கையில் இருக்கும் பொருளை நாம் பார்த்ததே இல்லை என்பதுதான். "நீலம் கேட்டலாக்கில் இருப்பதைவிட மங்கலாக இருக்கிறது" என்று அவர் சொல்லும்போது நம்மிடம் பதில் இருக்காது. ஆகவே ஒரே லாட்டிலிருந்து இரண்டு செட் எடுக்கச் சொல்லி, ஒன்றை நமக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். அவசரமில்லை என்பதால் அது மலிவான சேவையில் மெதுவாக வரலாம். அதற்கும் வழியில்லை என்றால் சப்ளையரே சீல் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கட்டும். பெட்டியை மூடும் முன் போட்டோவும் வேண்டும்: ஆறு டவலும் விரித்தபடி, தராசில் பெட்டி, பெட்டியின் மூன்று பக்கங்களிலும் டேப் வைத்து அளந்தபடி.

பார்சல் சேர்ந்த பிறகும் கணக்கை மூடிவிடக் கூடாது. போக்குவரத்து பில் முதலில் வரும், அதில் எரிபொருள் சர்சார்ஜும் தொலைதூரப் பகுதிக் கட்டணமும் ஏறியிருக்கலாம். கூரியர் கம்பெனி பெட்டியை மறுபடி அளந்து எடையைக் கூட்டியிருந்தால், டேப் வைத்த அந்த போட்டோவை இணைத்துத் திருத்தம் கேட்கலாம். வரி பில் தனியாக, பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். சாம்பிள் செலவை வாடிக்கையாளரின் விலையில் சேர்க்க நினைப்பவர்கள் அந்த இரண்டாவது பில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.